கடை லாபமும் என் சம்பளமும்: சில வருஷம் பிரிச்சு வச்சுப் பார்த்த அனுபவம்

டர்பன்ல சாட்ஸ்வர்த் பக்கம் பூஜை சாமானும் மசாலா பருப்பும் விக்கிற கடை எங்களோடது. கல்லாவுல இருந்து தேவைக்கு எடுத்துக்கிற பழக்கத்த விட்டு, மாசாமாசம் ஒரே தொகைய சம்பளமா எடுக்குற முறைக்கு வந்து சில வருஷம் ஆச்சு, புரட்டாசி கூட்டத்தையும் பாத்தாச்சு, ஜூன் மாசக் காத்தாடுறதையும் பாத்தாச்சு, அதனால இப்ப தைரியமா எழுதலாம்.

முதல்ல சம்பளம் எவ்வளவுன்னு முடிவு பண்றதுதான் பெரிய வேலை. "வீட்டுக்கு எவ்வளவு வேணும்"னு கேட்டா பதில் தப்பா வரும். நான் நாளைக்கு ஊருக்குப் போயிட்டா என் இடத்துல ஆள் போட எவ்வளவு ஆகும்னு கேக்கணும். எங்க கணக்க ரவுண்டா சொல்றேன். வாட் போக மாசம் சராசரி விற்பனை 1,50,000 ராண்ட். சரக்கு வாங்கின விலை 1,05,000. வாடகை, கரண்ட், கூட இருக்குற பையன் சம்பளம் எல்லாம் 24,000. மிச்சம் 21,000. இத்தனை நாள் இதத்தான் லாபம்னு சொல்லிட்டு இருந்தோம். அக்கவுண்டன்ட் தம்பி கேட்டாரு, "அண்ணே, நீங்களும் அண்ணியும் இல்லாம கடை ஓடுமா?" ஓடாது. மேனேஜர் வச்சா 11,000, என் வீட்டுக்காரி அரை நாள் கல்லாவுல உக்கார்றதுக்கு 3,000. ஆக 14,000 எங்க ரெண்டு பேரோட கூலி, கடை சம்பாதிக்கிறது வெறும் 7,000. வீட்டு ஆளுங்க வேலைய கணக்குல சேக்காம லாபம் சொல்ற கடை எங்க ஏரியாவுல எக்கச்சக்கம், அதுல பாதி கடைக்கு நிஜ லாபம் பூஜ்ஜியமாத்தான் இருக்கும்னு நினைக்கிறேன்.

இப்ப ஒண்ணாந்தேதி கடை அக்கவுண்ட்ல இருந்து 14,000 வீட்டு அக்கவுண்ட்டுக்கு தானா போயிடும். கடை பருப்பு வீட்டுக்கு வந்தா வாங்கின விலைக்கு நோட்டுல எழுதி அடுத்த மாச சம்பளத்துல கழிச்சுடுவோம், இதுக்கு வீட்டுல முதல்ல சண்டை வந்துச்சு, அது தனிக்கதை.

ஒண்ணு தெளிவா சொல்லணும், இதனால வரி குறையாது. கம்பெனி இல்லாம சொந்தப் பேர்ல நடத்துற கடைக்கு, நம்ம எடுக்குற சம்பளத்த செலவா காட்ட வரி ஆபீஸான சார்ஸ் விடாது, மொத்த 21,000க்கும்தான் வரி. எங்களுக்கு அது மாசக்கணக்குல ஏறக்குறைய 2,500 வருது, அத தனி சேவிங்ஸ்ல போட்டுடுவேன், ஆகஸ்ட்லயும் பிப்ரவரியிலயும் ப்ரொவிஷனல் டாக்ஸ் கட்டும்போது கை நடுங்காது. வாட் பணமும் அப்படித்தான், கற்பூரம் வெளக்கு வித்தா நம்ம விலை மேல 15 பர்சென்ட் சேத்துதான் வாங்குறோம், அது நம்ம காசு இல்ல. கம்பெனியா பதிவு பண்ணவங்களுக்கு கதை வேற, அவங்க முறைப்படி பேஸ்லிப் போட்டு எடுக்கணும், சும்மா எடுத்தா அது கம்பெனிகிட்ட வாங்கின கடனா நிக்கும், வட்டி கட்டலன்னா அதுக்கும் டிவிடெண்ட் வரி வரலாம்.

கடை லாபம் 7,000ல அந்த வரி 2,500 போக மிச்சம் 4,500ல பாதி கடைக்கு ரிசர்வ், பாதி என் பேர்ல டாக்ஸ் ஃப்ரீ சேவிங்ஸ் அக்கவுண்ட்டுக்கு. அதுல வருஷத்துக்கு இவ்வளவுதான்னு ஒரு உச்சவரம்பு இருக்கு, தாண்டினா தாண்டின காசுக்கு 40 பர்சென்ட் அபராதம், அதனால ரெண்டு பேங்க்ல திறந்தவங்க கூட்டிப் பாத்துக்கோங்க. இந்த ரெண்டாவது பாதிதான் எனக்கு உண்மையான சொத்து, ஏன்னா அது கடைய விட்டு வெளியில இருக்கு, நாளைக்கு பக்கத்துல மால் வந்து வியாபாரம் படுத்தாலும் அது படுக்காது.

கஷ்டம் எங்கன்னா சீசன்லதான். ஆகஸ்ட்ல புரட்டாசிக்கும் தீபாவளிக்கும் சரக்கு எடுப்போம், பேங்க்ல காசே இருக்காது, கடை மூழ்கின மாதிரி தெரியும். தீபாவளி முடிஞ்சா நெறைய நிக்கும், சம்பளத்த ஏத்தலாம்னு ஆசை வரும். ரெண்டுமே பொய். அப்புறம் தைப்பூசக் காவடிக்கு கொஞ்சம் தூக்கும், மே ஜூன்ல சம்பளத்துக்கே கடை சம்பாதிக்காது, அப்ப ரிசர்வ்ல இருந்துதான் 14,000 போகும். அதனால நான் மாசத்துக்கு மாசம் பாக்குறதில்ல. இந்த தீபாவளிக்கு அப்புறம் சரக்க எண்ணி வாங்கின விலைக்கு மதிப்புப் போட்டு, ரிசர்வையும் சேத்து, தரவேண்டிய கடன கழிச்சுட்டு, போன தீபாவளிக்கு அப்புறம் எடுத்த அதே கணக்கோட வச்சுப் பாப்பேன். குறைஞ்சிருந்தா சம்பளம் அதிகம்னு அர்த்தம். ஆனா ஷெல்ஃப்ல ரெண்டு வருஷமா தூசி புடிக்கிற பித்தளை வெளக்க முழு விலைக்கு எண்ணிடாதீங்க, நம்பர் அழகாத்தான் வரும், காசு வராது.

மொத்தக் கடையே 14,000 சம்பாதிக்காதவங்களுக்கு இந்த முறை இப்ப ஆகாது, அங்க பிரிக்க ஒண்ணும் இல்ல, முதல்ல மார்ஜினத்தான் பாக்கணும். எங்களுக்கு ரிசர்வ் ஒரு மாசச் செலவும் சம்பளமும் சேந்த 38,000ஐத் தாண்டிடுச்சு, மூணு மாசத்துக்கு ஆனதும் அந்தப் பாதியையும் வெளிய திருப்பலாம்னு இருக்கேன், வீட்டுக்காரி அதுக்கு முன்னாடி ஃப்ரீசர் மாத்தணும்ங்குறா.