முழு மொனிட்டரா, ஸ்லைட் விண்டோவா? குறிப்புகள் வெளியே தெரியாமல் எதைப் பகிர்வது

ஹட்டனில் வீட்டிலிருந்தே உயர்தர மாணவர்களுக்குப் பொருளியல் வகுப்பு எடுக்கிறேன். பொகவந்தலாவை, மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கத்துப் பிள்ளைகள் சூமில் வருவார்கள். பெரும்பாலோர் கையில் போன்தான். என் மேசையில் ஒரு லெப்டொப்பும் பக்கத்தில் ஒரு மொனிட்டரும் உண்டு. மொனிட்டரில் ஸ்லைட் ஓடும், லெப்டொப்பில் Presenter View திறந்து என் குறிப்புகள் இருக்கும். அந்தக் குறிப்புகளில் விடைகளை எழுதியிருப்பேன். யாரிடம் எந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும், போன பரீட்சையில் யார் எங்கே சறுக்கினார்கள் என்பதும் அதில் இருக்கும். அதனால் எதைப் பகிர்வது என்பதை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை.

வழிகள் இரண்டு. மொனிட்டர் முழுவதையும் பகிரலாம், அல்லது ஸ்லைட் ஓடும் விண்டோவை மட்டும் பகிரலாம். நான் முதலாவதில் நெடுநாள் இருந்துவிட்டு இரண்டாவதற்கு மாறியவள். இரண்டிலும் பிள்ளைகளுக்குத் தெரியும் ஸ்லைட் ஒன்றுதான், படத்தின் தெளிவிலும் நான் வித்தியாசம் காணவில்லை. சூமில் Portion of Screen என்று திரையில் ஒரு கட்டத்தை மட்டும் பகிரும் வழியும் இருக்கிறது. அந்தக் கட்டத்துக்குள் எது வந்து விழுந்தாலும் தெரியும் என்பதால் அதுவும் மொனிட்டரைப் பகிர்வது மாதிரிதான்.

மொனிட்டர் முழுவதையும் பகிர்வதில் சுகம் இருக்கிறது. ஸ்லைடிலிருந்து கடந்தகால வினாத்தாளின் பீடிஎஃப்புக்குப் போகலாம், அங்கிருந்து எக்செலில் ஒரு வரைபடத்துக்குத் தாவலாம். எதையும் நிறுத்தித் தொடங்க வேண்டியதில்லை. வட்ஸ்அப் அறிவித்தல்கள் விண்டோஸில் பிரதான திரையில்தான் எட்டிப் பார்க்கும். லெப்டொப்பைப் பிரதான திரையாக வைத்து மற்றதைப் பகிர்ந்தால் அந்தத் தொல்லையும் இல்லை. எல்லாம் சரியாக இருக்கும் நாளில் இதை மிஞ்ச ஒன்றுமில்லை.

எல்லாம் சரியாக இல்லாத ஒரு நாளில்தான் நான் பாடம் படித்தேன். ஐப்பசி மாத இடிமழை, பின்னேர வகுப்பு. கரண்ட் போனது. லெப்டொப்பில் பெட்டரி இருந்தது, இணையம் போனிலிருந்து வந்தது, மொனிட்டர் மட்டும் அணைந்தது. வகுப்பை விடக்கூடாது என்று பவர்பொயின்டில் Slide Show பகுதிக்குப் போய், Monitor என்ற பெட்டியில் Primary Monitor என்று மாற்றி, லெப்டொப் திரையை மட்டும் பகிர்ந்து சமாளித்தேன். கால் மணி நேரத்தில் கரண்ட் வந்தது. வழக்கம்போல இரண்டாவது திரையைப் பகிர்ந்து F5 அழுத்தினேன். ஆனால் அந்தப் பெட்டியில் Primary Monitor அப்படியே இருந்தது. ஆகவே ஸ்லைட் லெப்டொப்பில் விரிந்தது, Presenter View மற்ற மொனிட்டருக்குப் போனது. நான் பகிர்ந்துகொண்டிருந்ததும் அந்த மொனிட்டரைத்தான்.

எனக்குப் பிழை தெரியவில்லை. ஒரு திரையில் ஸ்லைட், மறு திரையில் குறிப்பு, வழக்கமாக என் கண்முன் இருப்பவைதான். இடம் மாறியிருப்பதைப் பாடத்தின் நடுவில் மனம் கவனிக்கவில்லை. "மிஸ், உங்க நோட்ஸ் தெரியுது" என்று ஒரு பிள்ளை செட்டில் எழுதிய பிறகுதான் பார்த்தேன். அதற்குள் இன்னொரு பிள்ளையின் பெயரும் அவள் எடுத்த புள்ளியும் எல்லோர் கண்ணிலும் பட்டுவிட்டன. அன்றிரவே அவளுக்கு போன் எடுத்து மன்னிப்புக் கேட்டேன். அவள் பரவாயில்லை என்றாள். எனக்குத்தான் அது பரவாயில்லாத விஷயமாக இன்னும் இருக்கிறது.

இந்த இரண்டு வழிகளையும் நான் அதற்குப் பிறகு ஒரே கேள்வியை வைத்துத்தான் எடைபோடுகிறேன்: பிழை நடந்தால் அது எந்தப் பக்கம் விழும்? மொனிட்டரைப் பகிரும்போது நீங்கள் பகிர்வது ஓர் இடத்தை. அந்த இடத்துக்கு எது வந்தாலும் சூம் அதை அனுப்பிக்கொண்டே இருக்கும். விண்டோவைப் பகிரும்போது நீங்கள் பகிர்வது ஒரு பொருளை. அந்த விண்டோ மூடப்பட்டால் பகிர்வும் நின்றுவிடும். பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாமல் போகலாம், ஆனால் தெரியக்கூடாதது தெரியாது. வெறுமையான திரையை ஒரு நிமிடத்தில் சரிசெய்யலாம். பார்த்துவிட்ட கண்ணிலிருந்து எதையும் திரும்ப எடுக்க முடியாது. எங்கள் பக்கம் மழைக்காலத்தில் கரண்ட் போய்ப் போய் வரும் என்பதால் இந்தக் கணக்கு எனக்கு இன்னும் கனமாகிறது.

விண்டோவைப் பகிர்வதில் வரிசைதான் முக்கியம். முதலில் விண்டோஸ் பொத்தானுடன் P அழுத்தி Extend இருக்கிறதா என்று பார்க்கிறேன். Duplicate ஆக இருந்தால் இரண்டு திரையிலும் ஒன்றே தெரியும். பிறகு F5 அழுத்தி ஸ்லைட் காட்சியைத் தொடங்குகிறேன். அது ஓடத் தொடங்கிய பிறகே Alt+Tab கொண்டு சூமுக்குப் போய் Alt+S அழுத்துகிறேன். இந்த வரிசையை மாற்றி, திருத்தும் விண்டோவை முதலில் பகிர்ந்துவிட்டால், ஸ்லைடுக்குக் கீழே இருக்கும் குறிப்புப் பகுதியே அப்போது வெளியே தெரிந்துவிடும். காட்சி ஓடும் விண்டோ என்பது வேறு, திருத்தும் விண்டோ என்பது வேறு.

பட்டியலில் இப்போது ஒன்றையொன்று ஒத்த இரண்டு பெயர்கள் வரும்.

```
PowerPoint Slide Show - ...
PowerPoint Presenter View - ...
```

பெயர் நீளமென்றால் பாதியில் வெட்டுப்பட்டுத் தெரியும், அவசரத்தில் மாறிப்போகும். ஆகவே நான் பெயரை நம்பாமல் சிறு படத்தைப் பார்க்கிறேன். நேரம் ஓடும் கடிகாரமும் அடுத்த ஸ்லைடும் அதில் தெரிந்தால் அது Presenter View, தொடவே கூடாது. இந்த வழியில் குறிப்பு வெளியே போகக்கூடிய பெரிய வாசல் இந்த ஒரு தெரிவுதான். பகிர்ந்த பிறகு பச்சை விளிம்பு எதைச் சுற்றி நிற்கிறது என்று பார்க்க வேண்டும். அதைவிட நிச்சயமான சோதனை, பழைய போன் ஒன்றில் அதே வகுப்புக்குள் சத்தத்தை நிறுத்திக்கொண்டு நுழைந்து, மேசையில் சாய்த்து வைப்பது. பிள்ளைகள் பார்ப்பதை நானும் பார்க்கிறேன். டேட்டா கொஞ்சம் போகும், போகட்டும்.

இதன் குறையையும் மறைக்கவில்லை. ஸ்லைடிலிருந்து வினாத்தாளுக்குப் போனால் பிள்ளைகளுக்கு அது தெரியாது, New Share அழுத்தி மீண்டும் தெரிவுசெய்ய வேண்டும். ஸ்லைடில் உள்ள இணைப்பைச் சொடுக்கி வேறு விண்டோ திறந்தாலும் அதே கதை. ஆரம்பத்தில் இரண்டு தடவை, யாருக்கும் தெரியாத வரைபடத்தை நான் மூச்சுவிடாமல் விளக்கியிருக்கிறேன். வினாத்தாள் மட்டும் செய்யும் நாட்களில், குறிப்பே திறக்காமல், இன்னும் மொனிட்டர் முழுவதையும்தான் பகிர்கிறேன். அப்படிப் பகிர்பவர்கள் ஸ்லைடும் காட்டுவதென்றால் Monitor பெட்டியை Automatic என்று விடாமல், பகிரும் திரையின் பெயரைத் தெரிவுசெய்து வைத்துவிட்டு, ஒவ்வொரு கரண்ட் வெட்டுக்குப் பிறகும் அதைத் திரும்பப் பாருங்கள். நான் சொல்வதெல்லாம் விண்டோஸில் சூமோடு பழகியது. டீம்ஸில் ஓரிரு கூட்டங்கள்தான் நடத்தியிருக்கிறேன், மெக்கில் தொட்டதில்லை.

போன ஞாயிறும் வகுப்பின் நடுவில் கரண்ட் போனது. நான் Esc அழுத்தியதும் காட்சி மூடியது, பகிர்வும் நின்றது. "மிஸ், ஸ்கிரீன் போயிருச்சு" என்று வரிசையாகச் செட் வந்தது. ஒரு நிமிடம் பொறுக்கச் சொல்லிவிட்டு, குறிப்புக் கொப்பியை விரித்து மடியில் வைத்துக்கொண்டு, லெப்டொப்பில் மறுபடி F5 அழுத்தினேன்.