சம்பளத்தை வெளியே சொல்லக் கூடாதா? இரண்டு பணி ஒப்பந்தங்களின் ஒப்பீடு

மண்டபத்துக்கு அருகே நண்டுச்சதை பதப்படுத்தும் நிறுவனம் ஒன்றில் தரக்கட்டுப்பாட்டு மேற்பார்வையாளராக நான்கு ஆண்டுகள் இருந்துவிட்டு, அண்மையில் இதே கடற்கரையில் வேறொரு நிறுவனத்துக்கு மாறினேன். இரண்டு இடத்து ஒப்பந்தங்களிலும் இரகசியம் காப்பது பற்றிய பிரிவு உண்டு. முதல் ஒப்பந்தத்தில் அது, “பணியாளர் தம் சம்பளத்தையோ பிறர் சம்பளத்தையோ நிறுவனத்துக்கு உள்ளும் வெளியும் எவரிடமும் சொல்லக் கூடாது, மீறினால் ஒரு மாதச் சம்பளம் பிடிக்கப்படும்” என்னும் பொருளில் இருந்தது. இரண்டாவதில், “பணியின் காரணமாகத் தெரியவரும் பிறர் சம்பள விவரத்தை வெளியிடக் கூடாது, தம் சொந்தச் சம்பளத்தைப் பற்றிப் பேசுவதற்குத் தடையில்லை” என்று இருக்கிறது. முன்னதை முழுத்தடை என்றும் பின்னதைக் குறுந்தடை என்றும் இங்கே அழைக்கிறேன். குறுந்தடைக்காக மாதம் ஆயிரம் ரூபாய் குறைவான சம்பளத்தை ஏற்றவள் நான் என்பதால், என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை மறைக்கப் போவதில்லை.

முழுத்தடைக்கு நிர்வாகம் சொல்லும் காரணங்கள் எல்லோருக்கும் தெரிந்தவையே. அனுபவமுள்ள ஒருவரைப் பக்கத்து நிறுவனத்திலிருந்து இழுக்கக் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கும். அது தெரிந்தால் மற்றவர்கள் முகம் சுளிப்பார்கள். உறவும் கடனும் ஒன்றோடொன்று பின்னிய ஊரில், சம்பளம் தெரிந்தால் கைமாற்று கேட்டு வாசலில் ஆள் நிற்கும் என்பதும் பொய்யல்ல. கணக்குப் பிரிவில் இருப்பவர் எல்லோருடைய சம்பளத்தையும் பார்க்கிறார் என்பதால், அவர் வாயைக் கட்டுவது நியாயம்தான். குறுந்தடையும் அதைச் செய்கிறது. வேறுபாடு முழுவதும் ஒரே இடத்தில் இருக்கிறது: என் சம்பளத்தை நானே என் சக பணியாளரிடம் சொல்லலாமா என்பதில்.

நம் கடற்கரையில் இந்த இரகசியம் சற்று விசித்திரமானது. படகில் போகிறவர்கள் மீனை விற்றதும் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழித்துவிட்டு எல்லோர் முன்னாலும் பங்கு பிரிக்கிறார்கள். எவருக்கு எத்தனை பங்கு என்பது கரையில் உள்ள அனைவருக்கும் தெரியும். எங்கள் கூடத்தில் நண்டுச்சதை எடுக்கும் பெண்களுக்குக் கிலோக் கூலி. அதுவும் பலகையில் எழுதப்பட்டிருக்கும். மாதச் சம்பளக்காரர்களான எங்களுக்கு மட்டும்தான் வாய்ப்பூட்டு. மண்டபத்திலேயே இருக்கும் மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் போன்ற அரசு அமைப்புகளோ, 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவின்படி, அலுவலர்களும் ஊழியர்களும் பெறும் மாத ஊதியத்தைத் தாமாகவே வெளியிட வேண்டியவை.

இனி, என் முடிவைத் தீர்மானித்த விஷயத்துக்கு வருகிறேன். முதல் நிறுவனத்தில் நானும் ஓர் அண்ணனும் ஒரே மாதத்தில் சேர்ந்தோம். இருவருக்கும் ஒரே வேலை: நண்டு வந்து இறங்கும்போது தரம் பார்ப்பது, வேகவைக்கும் வெப்பநிலையையும் நேரத்தையும் குறிப்பது, டப்பாவில் அடைக்கும் முன் ஓட்டுத்துண்டு இருக்கிறதா என்று சோதிப்பது. காலை, மாலை முறைகளை வாரம் மாற்றிப் பார்த்தோம். ஒருமுறை பேச்சுவாக்கில் கைக்கு வருவது எவ்வளவு என்று கேட்டுக்கொண்டபோது எனக்கு 19,063 ரூபாய், அவருக்கு 19,200 ரூபாய். “கையில வாங்குறது ஒண்ணுதானே தங்கச்சி” என்றார் அவர். நானும் நம்பினேன். சம்பளச் சீட்டைக் காட்டிக்கொள்ளும் துணிவு இருவருக்கும் இல்லை; ஒரு மாதச் சம்பளம் போய்விடும் என்ற பயம்.

இரண்டு ஆண்டு கழித்து அவர் வளைகுடாவுக்குக் கிளம்பியபோதுதான் அந்த மாதத்துச் சீட்டை எடுத்து என் சீட்டின் பக்கத்தில் வைத்தார். என் நிலையான சம்பளம் 19,000. அத்துடன் கூடுதல் நேரத்துக்கு 1,900 சேர்ந்து 20,900. வருங்கால வைப்பு நிதிக்கும் ஈ.எஸ்.ஐ.க்கும் 1,837 போக 19,063. அவருடைய நிலையான சம்பளமோ 22,500. வைப்பு நிதிக்கு 1,800, வாங்கியிருந்த முன்பணத்துக்கு 1,500 கழிந்து 19,200. அவர் கூடுதல் நேரம் பார்க்கவே இல்லை. கையில் வந்ததில் 137 ரூபாய் வேறுபாடு. உண்மையான வேறுபாடு மாதம் 3,500, ஆண்டுக்கு 42,000. ஈ.எஸ்.ஐ. பிடித்தம் அவர் சீட்டில் இல்லாததே ஓர் அடையாளம்: அதற்கான வரம்பு மாதம் 21,000 ரூபாய், அதைத் தாண்டியவருக்கு அந்தப் பிடித்தம் சீட்டில் வராது. ஆகவே யாரும் ஒப்பிடுவதாக இருந்தால் கடைசி வரியை விட்டுவிட்டு, மேலே உள்ள நிலையான வரிகளை மட்டும் ஒப்பிட வேண்டும்.

மேலாளரிடம் போய்க் கேட்டேன். இந்த வேறுபாட்டுக்கு அவர் ஏதேனும் காரணம் சொல்லியிருந்தால் ஏற்றுக்கொண்டிருக்கவும் கூடும், வந்த பதில், “இதை உனக்கு யார் சொன்னது?” என்பதுதான். அதற்குப் பிறகு நடந்த மூன்று பேச்சுகளும் அந்தக் கேள்வியைச் சுற்றியே போயின. முழுத்தடையின் உண்மையான வேலை இதுதான் என்று அன்று புரிந்தது. அது பேச்சை முற்றிலும் தடுப்பதில்லை, ஏனென்றால் தேநீர்க் கடையில் எல்லோரும் பேசத்தான் செய்கிறார்கள். ஆனால் தெரிந்துகொண்டதை மேசையில் வைக்க முடியாதபடி செய்கிறது: வைத்தால் சம்பள வேறுபாடு பேசுபொருள் ஆவதில்லை, ‘கசிவு’தான் பேசுபொருள் ஆகிறது. கேட்டவளே குற்றவாளி.

ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வேலைக்கு அல்லது ஒத்த தன்மையுள்ள வேலைக்கு ஊதியத்தில் பாகுபாடு கூடாது என்பது 1976-ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டத்திலேயே இருந்தது; 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள ஊதியச் சட்டத்தொகுப்பு, 2019-இன் 3-ஆம் பிரிவிலும் இருக்கிறது. திறன், உழைப்பு, அனுபவம், பொறுப்பு ஆகியவை ஒத்திருக்கின்றனவா என்றுதான் சட்டம் பார்க்கிறது. ஆனால் முறையிட வேண்டுமானால், யாரோடு ஒப்பிட்டு முறையிடுகிறோம் என்று காட்ட ஓர் ஆள் வேண்டும், அவருடைய சம்பளமும் தெரிந்திருக்க வேண்டும். அந்த ஆளைத்தான் முழுத்தடை நம்மிடமிருந்து மறைத்துவிடுகிறது. ஊதியக் கோரிக்கைக்கு மூன்று ஆண்டுக் காலவரம்பு இருப்பதால், தெரியாமலே கழியும் ஒவ்வொரு மாதமும் பழைய மாதம் ஒன்றைக் கைவிட்டுப் போகச் செய்யலாம்.

அறிவிப்புப் பலகை உதவாதா என்று கேட்கலாம். அதே சட்டத்தொகுப்பின் 50-ஆம் பிரிவின்படி, பணியாளர் வகைவாரியான ஊதிய விகிதங்களை எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்ட வேண்டும். ஊதியச் சீட்டும் தர வேண்டும். எங்கள் பலகையில் ‘மேற்பார்வையாளர்’ என்று ஒரே ஒரு வரி, அதில் ஒரு தொகை. அதற்கு மேல் யாருக்கு எவ்வளவு என்பதை அது சொல்லாது. ஆயினும் ஒரு பயன் உண்டு: நானும் அந்த அண்ணனும் ஒரே வகைக்குள் வருகிறோம் என்பதை நிறுவனமே எழுதி ஒட்டியிருந்தது.

ஒரு மாதச் சம்பளப் பிடித்தம் என்ற மிரட்டலைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் என்னை இரண்டு ஆண்டு வாயடைத்து வைத்தது அதுதான். ஊதியத்தில் எதைப் பிடிக்கலாம் என்பதற்குச் சட்டத்தில் தனிப் பட்டியல் உண்டு. அபராதம் என்றால், எந்தச் செயலுக்கு என்பதை அரசின் முன் ஒப்புதலோடு அறிவிப்பில் குறித்திருக்க வேண்டும், பணியாளரிடம் விளக்கம் கேட்டிருக்க வேண்டும், தொகையும் அந்தச் சம்பளக் காலத்து ஊதியத்தில் 3 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. என் 20,900-க்கு அது 627 ரூபாய். நீதிமன்றம் போய் இழப்பீடு கேட்டாலும், 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு, எழுதிய தொகையை உச்சவரம்பாகத்தான் கொள்கிறது. அதற்குள் நியாயமான அளவுதான் கிடைக்கும்.

இதைக் கேட்டுவிட்டு யாரும் துணிந்து இறங்கிவிட வேண்டாம். பிடித்தத்தைவிடப் பெரிய ஆபத்து வேலை நீக்கம். தொழில் உறவுச் சட்டத்தொகுப்பின்படி, மேற்பார்வைப் பணியில் மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் ஊதியம் பெறுபவர் ‘தொழிலாளர்’ என்ற வரையறைக்குள் வருவதில்லை. தொழிலாளர்களுக்கு உரிய வேலை நீக்கப் பாதுகாப்பு அவருக்குக் கிட்டாது, ஒப்பந்தத்தில் உள்ள முன்னறிவிப்புக் காலம்தான் பெரும்பாலும் மிஞ்சும். கைப்பேசியில் சுற்றிவரும் செய்திகளை நம்பி, “சம்பளம் பேசுவது சட்ட உரிமை” என்று வாதிடுவோரும் உண்டு. அமெரிக்காவில் 1935-ஆம் ஆண்டின் தொழிலாளர் உறவுச் சட்டம் தனியார் பணியாளர் பெரும்பாலோருக்கு அந்த உரிமையைத் தருகிறது, அங்கும் மேற்பார்வையாளர்களை விலக்கிவிட்டு. பிரிட்டனில் 2010-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம், பாகுபாடு உண்டா என்று அறியும் நோக்கில் பேசுவதைக் காக்கிறது. ஆஸ்திரேலியா 2022 டிசம்பரில் இத்தகைய பிரிவுகளுக்கே முடிவு கட்டியது. நம் நாட்டுத் தொழிலாளர் சட்டங்களில் இதற்கு நேர்நிகரான பிரிவு கிடையாது. ஆகவே நமக்கு ஒப்பந்தத்தின் சொற்கள்தான் காப்பு, அவற்றை மாற்றுவதற்கு வசதியான நேரம் கையெழுத்துக்கு முன்.

இரண்டாம் நிறுவனம் தந்த வரைவிலும் முதலில் முழுத்தடைதான் இருந்தது. பிரிவை நீக்குங்கள் என்று கேட்காமல், “பணியாளர் தம் சொந்த ஊதியத்தைப் பற்றிச் சக பணியாளரிடமோ, சட்டப்படியான அதிகாரியிடமோ பேசுவதை இப்பிரிவு தடுக்காது” என்ற ஒரு வாக்கியத்தைச் சேர்க்கும்படி மின்னஞ்சலில் எழுதினேன். நீக்கச் சொன்னால் சந்தேகம் வரும், சேர்க்கச் சொன்னால் பேச இடமிருக்கும் என்பது என் கணக்கு. ஒரு வாரம் கழித்து, சற்றே சொல் மாற்றி ஏற்றார்கள். எல்லா இடத்திலும் ஏற்பார்கள் என்று உறுதி கூற என் அனுபவம் போதாது. ஏற்றுமதித் தரம் தெரிந்த ஆட்களுக்குத் தட்டுப்பாடு இருந்த நேரம் அது. புதிதாகச் சேரும் உதவியாளருக்கு இந்தப் பேரம் கைகூடுவது கடினமாக இருக்கலாம்.

குறுந்தடையிலும் சங்கடம் இல்லாமல் இல்லை. தன் சம்பளத்தைச் சொல்ல விரும்பாதவர் உண்டு, அவரை வற்புறுத்த எவருக்கும் உரிமையில்லை. இங்கே மேற்பார்வையாளர்கள் மூவர். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து வரத்து தொடங்கியதும் எங்கள் சீட்டுகளை ஒப்பிட்டபோது, ஒருவருக்கு என்னைவிட 600 ரூபாய் கூடுதல் என்று தெரிந்தது. மேலாளரிடம் நேராகவே கேட்டேன். யார் சொன்னது என்று அவர் கேட்கவில்லை. இரவில் வண்டி ஏற்றும்போது குளிர்சாதன அறையின் பொறுப்பு அவரிடம் இருக்கிறது, அதற்கான படி அது என்று பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். அந்தப் பொறுப்பு எனக்கும் வேண்டும் என்று கேட்டிருக்கிறேன்.