திருச்சியில் புது போன், ஒரு நாள் பூட்டு

சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு வந்த வாரமே அக்கா மகன் கையிலிருந்து நழுவி என் போன் போய்விட்டது. புது போன் வாங்கி, கிரிப்டோ எக்ஸ்சேஞ்ச் ஆப்பை இறக்கினேன். பாஸ்வேர்டு பழைய போனிலேயே மாட்டிக்கொண்டதால் சனிக்கிழமை காலை 11.40க்கு ரீசெட் செய்தேன். டாலர் மதிப்பை ஒட்டியே நிற்கும் USDT என்ற காயினை நண்பர் ஒருவருக்கு அனுப்ப வேண்டியிருந்தது. அனுப்பப் போனால், 24 மணி நேரத்துக்கு வித்ட்ராயல் கிடையாது என்று திரையில் வந்து நிற்கிறது. வாங்கலாம், விற்கலாம், வெளியிலிருந்து காயின் உள்ளே வரலாம். வெளியே மட்டும் போகாது.

சப்போர்ட் சாட்டில் பாஸ்போர்ட் படம் அனுப்புகிறேன் என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். "இந்தப் பூட்டை எங்களாலும் எடுக்க முடியாது சார்" என்றார் அந்தப் பையன். அப்போது எரிச்சலாக இருந்தாலும், யோசித்தால் அதுதான் சரி. கெஞ்சினால் திறக்கும் பூட்டு என்றால் திருடனும் கெஞ்சுவான், அவன் கையிலும் என் பாஸ்போர்ட் படம் இருக்கலாம்.

திருட்டு நடக்கும் விதத்தைப் பார்த்தால் காரணம் விளங்கும். திருடன் உங்கள் எண்ணுக்கு டூப்ளிகேட் சிம் வாங்குகிறான்; உங்கள் போனில் சிக்னல் செத்துவிடும். அதில் வரும் ஓடிபியை வைத்து முதலில் ஈமெயிலையும், பிறகு எக்ஸ்சேஞ்ச் பாஸ்வேர்டையும் மாற்றுகிறான். புது போன், புது பாஸ்வேர்டு, உடனே வித்ட்ராயல்: நான் செய்ததும் அச்சு அசல் இதேதான். பிளாக்செயினில் போன காயினை எந்த வங்கியும் திருப்பி வாங்கித் தர முடியாது. அதனால் போவதற்கு முன்பே தாமதப்படுத்துகிறார்கள். சிக்னல் செத்த போனை வைத்துக்கொண்டு தூங்குகிறவர் எழுந்து, எச்சரிக்கை மெயிலைப் பார்த்து, கணக்கை முடக்க அந்த ஒரு நாள் தேவை.

முழுப் பாதுகாப்பு என்று சொல்ல மாட்டேன். டிரேடிங் திறந்தே இருப்பதால், யாரும் சீண்டாத ஒரு காயினை உங்கள் பணத்தில் கொள்ளை விலைக்கு வாங்க வைத்து, தன் இன்னொரு கணக்கிலிருந்து அதை விற்றுத் திருடன் லாபம் பார்க்கலாம். மெயிலும் அவன் வசம் என்றால் எச்சரிக்கை வந்ததே உங்களுக்குத் தெரியாது.

மாலை 4 மணிக்கு, காகிதத்தில் எழுதி வைத்திருந்த பேக்கப் கோடை எக்ஸ்சேஞ்சில் போட்டு, லாகின் கோடு உருவாக்கித் தரும் ஆப்பான ஆதென்டிகேட்டரைப் பழைய போனிலிருந்து நீக்கி, புது போனில் இணைத்தேன். இந்த எக்ஸ்சேஞ்சில் ஒவ்வொரு பாதுகாப்பு மாற்றத்துக்கும் கடிகாரம் முதலிலிருந்து ஓடுகிறது. ஆக, ஞாயிறு 11.40 என்றிருந்தது மாலை 4 ஆகிவிட்டது. மாற்ற வேண்டியதையெல்லாம் ஒரே மூச்சில் மாற்றிவிடுவது நல்லது. சில இடங்களில் புது பிரவுசரில் லாகின் செய்தாலே, குக்கீயை அழித்தாலே புது சாதனம் என்று கணக்கு வைத்துப் பூட்டுகிறார்கள்.

அக்காவிடம் புலம்பியபோது, "யுபிஐயிலயும் அப்படித்தான்டா" என்றாள். அவள் போன் மாற்றியபோது முதல் 24 மணி நேரம் 5,000 ரூபாய்க்கு மேல் போகவில்லையாம்.

ஞாயிறு நாலரைக்கு மறுபடி USDT அனுப்பப் போனால், ஆப் ஈமெயில் கோடும் ஆதென்டிகேட்டர் கோடும் கேட்டது. போட்டேன், போய்விட்டது.