ஒயில் மாற்றினாலும் அணையாத சிவப்பு லைட்

என்னிடம் இருக்கிற வண்டி மொடலையே வாங்கலாமா என்று கிண்ணியாவில் இருக்கிற மச்சான் கேட்டான். பெட்ரோல் அதிகம் குடிக்காது, சாமான் திருகோணமலையிலேயே கிடைக்கும், அதெல்லாம் அவனுக்கே தெரியும். எனக்கு இதில் ஒரே எரிச்சல்தான்: ஒயில் சென்சரைக் கொண்டுபோய் பில்டருக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறார்கள், ஒவ்வொரு முறை பில்டர் கழற்றும்போதும் ரென்ச் அதில் உரசாமல் போகாது.

கடைசி சேர்விஸில் புது ஒயில், புது பில்டர் போட்டு ஸ்டார்ட் செய்தால் சிவப்பு லைட் அணையவே இல்லை. வெறும் பில்டர் நிறைய இரண்டு மூன்று விநாடி எடுக்கும், அது வழமைதான். அதற்கு மேலும் எரிந்ததால் உடனே நிறுத்திவிட்டேன். கராஜில் இருந்த பொடியன் "கொஞ்சம் ரேஸ் பண்ணுங்க அண்ணன், போயிடும்" என்றானே, அங்கேதான் எனக்கு ஏறியது. அது ஒயில் அழுத்தத்தைக் காட்டுகிற லைட். உண்மையிலேயே அழுத்தம் இல்லையென்றால், ரேஸ் பண்ணினால் பெயாரிங்தான் போகும்.

வண்டி சமதரையில் நின்றது. சற்றுப் பொறுத்து டிப்ஸ்டிக்கைத் துடைத்துப் பார்த்தேன், அளவு மேல் கோட்டுக்குக் கிட்ட. ஆனால் அது கீழே சம்பில் ஒயில் இருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும், பம்ப் அதை மேலே அனுப்புகிறதா என்று சொல்லாது. பழைய பில்டரின் ரப்பர் வளையம் எஞ்சினில் ஒட்டிக் கிடந்தால் அடியில் ஒழுகும். அங்கே காய்ந்துதான் இருந்தது. பில்டரைக் கழற்றிப் பார்த்தோம். காலியாகப் பூட்டியது, இப்போது உள்ளே ஒயில் நிறைந்திருந்தது. அப்போ பம்ப் வேலை செய்கிறது, அழுத்தம் போதுமா என்பது வேறு கதை.

பில்டரைத் திரும்பப் பூட்டிவிட்டு சென்சர் கனெக்டருக்குப் போனோம். இதில் ஒரே ஒரு வயர். அழுத்தம் இல்லாதபோது சென்சர் அந்த வயரை எஞ்சின் உடம்போடு சேர்க்கும், லைட் எரியும். அதனால் கனெக்டரைக் கழற்றி, ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஓன் பண்ணினால் லைட் எரியக் கூடாது. எரிந்தது! ரென்ச் வயரை நசுக்கி, உறை கிழிந்து, உள்ளே இருந்த செம்புக் கம்பி பிரக்கெட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. டேப் சுற்றி வயரைத் தள்ளிக் கட்டியதும் சரி. இப்போது சாவி ஓனில் எரிகிறது, ஸ்டார்ட் ஆனதும் அணைகிறது.

கழற்றியதும் லைட் அணைந்திருந்தால் கதை வேறு. அப்போது சந்தேகம் சென்சர் மேல், இல்லாவிட்டால் உண்மையான அழுத்தக் குறைவு. சென்சரை மாற்றிவிட்டுக் கும்பிடு போடாமல், அதே துளையில் கேஜ் பூட்டி அளந்து பார்க்க வேண்டும். புது வண்டிகள் சிலவற்றில் வயரிங் வேறு மாதிரி, இந்தச் சோதனை அதற்குப் பொருந்தாது.

வண்டி நல்ல வண்டிதான், எஞ்சினில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனாலும் மச்சானிடம் வாங்காதே என்றே சொல்லிவிட்டேன்.