மைலில் பிசினஸ் வகுப்பு: வாங்கிய டிக்கெட்டை அப்கிரேடு செய்வதா, நேரடியாக அவார்டு டிக்கெட் எடுப்பதா?

பறந்து பறந்து சேர்த்த மைலைக் கொடுத்து, பணத்துக்கு வாங்கிய எகானமி டிக்கெட்டை மேல் வகுப்புக்கு உயர்த்துவது அப்கிரேடு. மைலையே விலையாகக் கொடுத்து நேரடியாக எடுப்பது அவார்டு டிக்கெட். சீட் மேப்பைத் திறந்தால் பிசினஸ் வகுப்பில் பாதிக்கு மேல் காலியாகத் தெரிகிறது. கால் சென்டரில் கேட்டால், "மைல் அப்கிரேடுக்கு இடம் இல்லை, வெயிட்லிஸ்ட்டில் போடட்டுமா?" என்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. சீட் மேப் காட்டுவது, இன்னும் யாரும் எண் குறித்துக்கொள்ளாத இருக்கைகளை மட்டுமே. மைலுக்கு எத்தனை இருக்கை என்பது வேறொரு கணக்கு. அந்தக் கணக்கிலும் அப்கிரேடுக்கு ஒரு பங்கு, அவார்டுக்கு ஒரு பங்கு எனத் தனித்தனியாக ஒதுக்கும் நிறுவனங்கள் உண்டு.

யுனைடெட் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்றின் இருப்பு நிலவரம் இப்படித் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம்:

```
J9 C9 D5 Z2 P0 PZ0 I2
```

ஒவ்வோர் எழுத்தும் ஒரு விலைக் கட்டம். J என்பது முழு விலை பிசினஸ். அடுத்து வரும் C, D, Z, P ஆகியவை குறைந்த விலை பிசினஸ். 9 என்பது திரையில் காட்டும் உச்ச எண். உண்மையில் ஒன்பதுக்கு மேலும் இருக்கலாம். இவற்றைக் கூட்டவும் கூடாது. எல்லாம் அதே இருக்கைகள்தான். எந்த விலைவரை எத்தனை விற்கலாம் என்பதையே ஒவ்வோர் எண்ணும் சொல்கிறது. நமக்கு வேண்டியவை கடைசி இரண்டு. மைலால் அப்கிரேடு செய்யும் இடம் PZ. குறைந்த மைல் விலையில் தரும் பிசினஸ் அவார்டு இருக்கை I. மேலே உள்ள வரியில் அவார்டு டிக்கெட்டாக இரண்டு பேர் ஏறலாம். அப்கிரேடில் ஒருவர்கூட ஏற முடியாது. இன்னொரு நாள் இது தலைகீழாக இருக்கும்: PZ2, I0.

இப்படிப் பிரித்து வைப்பதில் காரணம் இருக்கிறது. அப்கிரேடு கேட்பவர் ஏற்கெனவே பணம் கட்டியவர். அவர் மேலே போனால் எகானமியில் ஓர் இருக்கை காலியாகும், அதை விற்கலாம். எகானமி நிரம்பி வழியும் விமானத்தில் இது நிறுவனத்துக்கு நல்ல பேரம். எகானமியே காலியாகப் போகிற விமானத்தில் அதனால் ஒரு லாபமும் இல்லை. அவார்டு டிக்கெட்டில் வருவது மைலும் வரியும்தான். ஆகவே, பணம் கொடுத்து வாங்க ஆள் வராது என்று கணிக்கும் இருக்கைகளே அதற்குப் போகும். இரண்டு கணிப்பும் வேறு என்பதால் எண்களும் வேறாகின்றன. போதாக்குறைக்கு, "இவ்வளவு கட்டினால் பிசினஸ்" என்று பணத்துக்கே அப்கிரேடு விற்கும் வழக்கம் வந்த பிறகு, மைலுக்கு விட்டுவைக்க நிறுவனங்களுக்கு அவசரமும் இல்லை.

பிரிட்டிஷ் ஏர்வேஸில் கதை வேறு. அங்கே மைலுக்குப் பதிலாக வரும் அவியோஸ் புள்ளிகளைக் கொண்டு அப்கிரேடு செய்ய, மேல் வகுப்பில் அவார்டு இருக்கை இருக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே ஒதுக்கீடு. சோதிப்பதும் எளிது: அதே விமானத்துக்கு வெறும் அவார்டு டிக்கெட்டாகத் தேடுங்கள். அது கிடைத்தால் அப்கிரேடும் கிடைக்கும். ஆனால் ஒரு படிதான் ஏறலாம். நெடுந்தூர விமானத்தில் எகானமியிலிருந்து பிரீமியம் எகானமிக்குப் போகலாம், பிசினஸுக்குத் தாவ முடியாது. தவிர, மிக மலிவான எகானமிக் கட்டங்களான Q, O, G ஆகியவற்றில் வாங்கிய டிக்கெட்டுக்கு அப்கிரேடே கிடையாது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் எகானமி லைட் கட்டணத்துக்கு மைல் அப்கிரேடு தருவதில்லை.

பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான். இருக்கை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு, கையில் உள்ள டிக்கெட் அப்கிரேடுக்குத் தகுதியானதா என்று பார்ப்பதில்லை. தகுதியான கட்டணம் பெரும்பாலும் மலிவுக் கட்டணத்தைவிடக் கூடுதல். செலவை ஒப்பிடும்போது அந்தக் கூடுதல் தொகையையும் சேர்த்தாக வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் உதாரணத்துக்கு மட்டுமே. மலிவான எகானமி 700 டாலர், அப்கிரேடுக்குத் தகுதியான எகானமி 1,100 டாலர். அப்கிரேடுக்கு 30,000 மைலும் 250 டாலரும் கேட்கிறார்கள். அதே பிசினஸ் இருக்கை அவார்டாக 80,000 மைல், வரி 150 டாலர். அப்கிரேடு வழியில் மொத்தம் 1,350 டாலரும் 30,000 மைலும் போகின்றன. அவார்டு வழியில் 150 டாலரும் 80,000 மைலும். அதாவது 50,000 மைலை மிச்சம் பிடிக்க 1,200 டாலர் கூடுதலாகக் கொடுக்கிறோம், மைலுக்கு 2.4 சென்ட் விழுகிறது. உங்கள் மைலை நீங்கள் 1.5 சென்ட் என்று மதிப்பிட்டால் அப்கிரேடுக்கான மொத்தச் செலவு 1,800 டாலர், அவார்டுக்கு 1,350. சொந்தப் பணத்தில் பறப்பவர் அவார்டை எடுப்பதே சரி. அதே விமானத்தில் தள்ளுபடி பிசினஸ் டிக்கெட் 1,900 டாலருக்கு விற்றால், அப்கிரேடு என்ற யோசனையையே விட்டுவிடலாம். நூறு டாலர் மிச்சத்துக்காக அவ்வளவு சிக்கலில் மாட்டுவானேன்?

இதே கணக்கில் டிக்கெட்டை அலுவலகம் எடுத்துத் தருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1,100 டாலர் உங்கள் பையிலிருந்து போகவில்லை. மீதி 250 டாலரும் 30,000 மைலும் சேர்த்து 700 டாலர்தான். இப்போது அப்கிரேடுக்கு அவார்டு பக்கத்தில்கூட வர முடியாது. என் கணிப்பில், மைல் அப்கிரேடு உண்மையாகவே கைகொடுப்பது இவர்களுக்கும், பிரீமியம் எகானமியை எப்படியும் பணம் கொடுத்து வாங்குகிறவர்களுக்கும்தான்.

அப்கிரேடுக்குச் சாதகமான இன்னொன்று வெயிட்லிஸ்ட். இடம் இல்லாவிட்டாலும் கோரிக்கையைப் போட்டு வைக்கலாம். கிடைக்காவிட்டால் எகானமி இருக்கை கையில் இருக்கிறது, மைலும் திரும்பி வரும். அவார்டுக்குப் பெரும்பாலான நிறுவனங்களில் அந்த வசதி இல்லை: இருந்தால் உண்டு, இல்லையேல் இல்லை. ஆனால் வெயிட்லிஸ்ட்டை நம்பித் தகுதியான கட்டணத்தை வாங்கினால், அப்கிரேடு வராத நாளில் நம் கணக்கின் 400 டாலர் கூடுதல் வீண். வரிசையும் கேட்ட நேரப்படி மட்டும் நகர்வதில்லை. உயர் அந்தஸ்து உறுப்பினர்கள் முன்னால் போவார்கள். அந்தஸ்து எதுவும் இல்லாதவர், PZ எண் ஒன்றாவது காட்டும்போது டிக்கெட் வாங்கி உடனே அப்கிரேடு செய்துகொள்வதே நல்லது. இரண்டு பேர் போகிறார்கள், இடம் ஒன்றே என்றால், ஒரே முன்பதிவில் இருவரும் இருப்பதால் கோரிக்கை அப்படியே தேங்கலாம். ஒருவராவது மேலே போனால் போதுமா என்று முன்கூட்டியே பேசி முடிவெடுத்து, தேவையானால் முன்பதிவைப் பிரித்துவிடுங்கள்.

மைல் சேர்வதில் வித்தியாசம் சிறிதுதான்: அப்கிரேடு டிக்கெட்டுக்கு வாங்கிய எகானமிக் கட்டணத்தின்படி மைல் வரும், அவார்டுக்குப் பொதுவாக வராது. விமானம் ரத்தானால் வரும் வித்தியாசம் பெரிது. அப்கிரேடு செய்த பயணியின் டிக்கெட் அடிப்படையில் எகானமியே. மாற்று விமானத்தில் அப்கிரேடு இடம் இல்லையென்றால் அவரை எகானமியில் போட்டுவிடலாம், மைலைத் திருப்பித் தருவார்கள். அவார்டு டிக்கெட் பிசினஸ் டிக்கெட்டாகவே பதிவானது. மாற்று விமானத்திலும் பிசினஸ் இருக்கையைக் கேட்க அவருக்கு வலுவான பிடி உண்டு. கனெக்‌ஷன் நெருக்கமான பயணத்தில், மைல் விலை கொஞ்சம் கூடினாலும் நான் அவார்டு பக்கம் சாய்வேன்.