நாரையின் கால் எங்கே? ஏழாம் வகுப்பில் ஜிம்ப்பும் போட்டோபீயும்

வாழிடம் பாடத்துக்கு வருஷா வருஷம் சார்ட் பேப்பரும் பழைய நாளிதழும் கத்தரிக்கோலும்தான். இந்த முறை கம்ப்யூட்டர் லேபுக்குக் கூட்டிப் போனேன். வேடந்தாங்கல் ஏரியின் படம் ஒன்று பின்னணி. பறவைகளின் படங்களைப் பிள்ளைகளே வெட்டி எடுத்து, எது எங்கே நிற்குமோ அங்கே வைக்க வேண்டும். பதினான்கு கம்ப்யூட்டர், ஒன்றுக்கு இரண்டு பேர். ஏழில் படங்களைத் திருத்தும் ஜிம்ப் என்ற செயலி ஏற்கெனவே இருந்தது. மற்ற ஏழில் புதிதாக எதையும் நிறுவ எனக்கு அனுமதி இல்லை, அதனால் அங்கே அதே வேலையைச் செய்யும், உலாவியிலேயே திறக்கும் போட்டோபீ. திட்டமிட்டுச் செய்த சோதனை இல்லை, ஆனாலும் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் பார்க்க முடிந்தது. அடுத்த வருஷம் ஜிம்ப்தான் என்று முடிவு செய்துவிட்டேன். காரணம் நான் முதலில் நினைத்தது இல்லை.

பெயின்ட்டை ஏன் எடுக்கவில்லை என்று சக ஆசிரியர் கேட்டார். எங்கள் லேபில் இருக்கும் பழைய பெயின்ட்டில் லேயர், அதாவது ஒவ்வொரு படமும் தனித்தனி அடுக்காக நிற்கும் வசதி, கிடையாது. ஒட்டியது ஒட்டியதுதான், பிறகு நகர்த்த முடியாது. ஒரே அழுத்தில் பின்னணியை நீக்கித் தரும் இணையதளங்களையும் வேண்டாம் என்றேன். வெட்டும் வேலையில்தான் பாடமே இருக்கிறது. நாரையின் காலைச் சுற்றி நாற்பது புள்ளி வைக்கிற பிள்ளை அந்தக் காலைப் பார்த்தே ஆக வேண்டும்.

முதல் நாள் சுலபம் என்று பார்த்தால் போட்டோபீக்குத்தான் மார்க். முகவரியைத் தட்டினால் திறந்துவிடுகிறது, கணக்குத் தொடங்க வேண்டாம். படம் எந்த சர்வருக்கும் போவதில்லை, வேலை அந்தக் கம்ப்யூட்டருக்குள்ளேயே நடக்கிறது. ஓரத்தில் விளம்பரம் வரும், பிள்ளைகள் அதைப் பத்து நிமிஷத்தில் மறந்துவிட்டார்கள். ஜிம்ப் பக்கம் முதல் பீரியட் முழுக்க ‘மிஸ், மிஸ்’ என்ற சத்தம்தான். நாரையை நகர்த்தப் போனால் ஏரி நகர்கிறது. நகர்த்தும் கருவி, சுட்டி எந்த லேயரின் மேல் படுகிறதோ அதைப் பிடித்துக்கொள்வதுதான் காரணம். நாரையின் கால் இடுக்கில் அழுத்தினால் அங்கே நாரை இல்லை, ஏரிதான் இருக்கிறது. கருவியின் அமைப்பில் Move the active layer என்பதைத் தேர்ந்துவிட்டால் தொல்லை தீரும். இது தெரியாமல் பதினைந்து நிமிஷம் வீணாகப் போனது.

அன்று மணி அடிக்கும்போது யாராவது கேட்டிருந்தால் போட்டோபீ என்றுதான் சொல்லியிருப்பேன். ஒரு வாரம் கழித்து இரண்டாம் பீரியட் வந்தது.

போட்டோபீயில் இருந்த ஒரு மாணவிக்குக் கிடைத்தது மஞ்சள் மூக்கு நாரை. மூலப் படத்தில் அது ஏரித் தண்ணீரில் பாதிக் கால் மூழ்க நின்றுகொண்டிருக்கும். அவள் தண்ணீர்க் கோடு வரைக்கும் மிகச் சுத்தமாக வெட்டி, மற்றதை அழிப்பானால் அழித்து, நாரையை ஏரிக்கரையின் புல்மேல் வைத்திருந்தாள். பெரிய திரையில் போட்டதும் பின்பெஞ்சிலிருந்து ஒருவன், "மிஸ், இதுக்குக் கால் எங்க?" என்றான். வகுப்பே சிரித்தது. ஆனால் கேள்வி சரியான கேள்வி. கால் தண்ணீருக்குள் இருந்தது, கேமரா அதைப் பார்க்கவே இல்லை. அந்தப் படத்து நாரையைக் கரையில் நிறுத்தவே முடியாது. ஆழமில்லாத தண்ணீரில், அந்த அளவு கால் மூழ்குகிற இடத்தில்தான் வைக்கலாம். அது இரை தேடுவதும் அப்படிப்பட்ட இடத்தில்தான்: அலகைப் பாதி திறந்து தண்ணீருக்குள் விட்டு இப்படியும் அப்படியும் துழாவும், மீன் பட்டதும் மூடிக்கொள்ளும். நான் போர்டில் எழுதிப் போட்டிருந்தால் மனப்பாடம் செய்திருப்பார்கள். வெட்டுக் கோடு தப்பாகப் போனதால் அவர்களே கண்டுபிடித்தார்கள்.

சரி, நாரையைத் தண்ணீருக்கு மாற்று என்றேன். மாற்றினாள். கத்தியால் நறுக்கிய மாதிரி இரண்டு குச்சிகள் தண்ணீர்மேல் நின்றன. காலைச் சுற்றி மூலப் படத்தில் இருந்த சின்ன அலையும் நிழலும் கொஞ்சம் வேண்டும், அப்போதுதான் நாரை தண்ணீரில் இறங்கி நிற்கிற மாதிரி தெரியும். அதைத்தான் அவள் போன வாரமே அழித்துவிட்டாளே. மறுபடி முதலிலிருந்து வெட்டினாள், பீரியட் முடிந்துவிட்டது.

ஜிம்ப் பக்கத்தில் இதே நாரை இருந்த ஜோடிக்கும் இதே தப்பு. அவர்கள் ஐந்து நிமிஷத்தில் சரிசெய்தார்கள். அவர்களுக்கு நான் அழிப்பானைக் காட்டவில்லை, லேயர் மாஸ்க்கைக் காட்டியிருந்தேன். இதுதான் விஷயம், அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

பின்னணியைத் திறந்து, பறவைப் படத்தை File > Open as Layers வழியாக அதன்மேல் கொண்டுவரச் சொன்னேன். F விசையை அழுத்தினால் Free Select வரும். 200 சதவீதம் பெரிதாக்கிக்கொண்டு பறவையைச் சுற்றிப் புள்ளி புள்ளியாக அழுத்தி, தொடங்கிய புள்ளியிலேயே முடிக்க வேண்டும். தப்பான புள்ளியை Backspace எடுத்துவிடும். முடிந்ததும் Enter. பிறகு லேயரின் பெயர்மேல் வலது பொத்தானை அழுத்தி Add Layer Mask, அதில் Selection. பின்னணி மறைந்துவிடும், ஆனால் எதுவும் அழியவில்லை. படம் முழுசாக உள்ளே இருக்கிறது, மேலே ஒரு கறுப்பு வெள்ளைத் திரை போட்டிருக்கிறோம், அவ்வளவுதான். திரையில் வெள்ளை இருக்கிற இடம் தெரியும், கறுப்பு இருக்கிற இடம் மறையும். காலைச் சுற்றி அலை வேண்டுமா, தூரிகையால் வெள்ளை அடித்தால் போன வாரம் மறைத்த தண்ணீர் திரும்ப வருகிறது. கூடப் போனால் X அழுத்தி நிறத்தை மாற்றிக் கறுப்பு அடி. ஓரம் மிருதுவான தூரிகையை எடுத்தால் அந்தத் தண்ணீர் எங்கள் ஏரித் தண்ணீரோடு கலந்துவிடும்.

இதிலும் இரண்டு இடத்தில் பிள்ளைகள் மாட்டுவார்கள். மாஸ்க்கின் சின்னப் படத்தை அழுத்தாமல் பறவையின் சின்னப் படத்தை அழுத்தியிருந்தால் நாரைமேலேயே கறுப்புப் பொட்டு விழும். எதைச் சுற்றி வெள்ளைக் கோடு இருக்கிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும். இன்னொன்று, மாஸ்க் போட்ட பிறகு Select > None கொடுக்க மறந்தால், தேர்ந்தெடுத்த பகுதிக்கு வெளியே எவ்வளவு வெள்ளை அடித்தாலும் ஒன்றும் நடக்காது. ‘மிஸ், மவுஸ் ரிப்பேர்’ என்பார்கள்.

ஓரத்தில் வெள்ளை விளிம்பு நிற்கிறது என்று தேர்ந்தெடுத்த பகுதியை ஒரு பிக்சல் சுருக்கி, ஓரத்தை மங்கலாக்கும் Feather கொடுக்கச் சொல்லும் வழக்கம் உண்டு. உடம்புக்குச் சரி. கால் விஷயத்தில் ஜாக்கிரதை. எங்கள் படத்தில் நாரைக் கால் ஆறு பிக்சல்தான் தடிமன். இரண்டு பக்கமும் ஒவ்வொன்று போனால் நான்கு, அதன்மேல் Feather வேறு கொடுத்தால் கால் புகையாகிவிடும். காலுக்கு மட்டும் கையால் அடிப்பதே நல்லது.

‘போட்டோபீயிலும் மாஸ்க் இருக்கிறதே’ என்பீர்கள். இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது. அந்த மாணவிக்கு அழிப்பானைக் காட்டியது என் தப்பு. ஆனால் அதே வரிசையில் மாஸ்க் போட்ட இன்னொரு ஜோடிக்கும் இரண்டாம் பீரியடில் கையில் ஒன்றும் இல்லை. போட்டோபீயில் வேலை இருப்பது உலாவித் தாவலுக்குள். மறுபடி திருத்த வேண்டுமென்றால் Save as PSD கொடுத்து, லேயரும் மாஸ்க்கும் உள்ள கோப்பாக இறக்கிக்கொள்ள வேண்டும். அது டவுன்லோட்ஸ் கோப்புறையில் போய் விழும். அடுத்த முறை சேமித்தால் அதே பெயரில் (1) என்று இன்னொன்று, பிறகு (2). எது கடைசி என்று பிள்ளைக்குத் தெரியாது. எங்கள் லேபில் வெள்ளிக்கிழமை தோறும் டவுன்லோட்ஸைக் காலி செய்வதும் வழக்கம். அந்த ஜோடி பி.என்.ஜி. படத்தை மட்டும் பென் டிரைவில் எடுத்து வைத்திருந்தது. அதில் லேயரும் இல்லை, மாஸ்க்கும் இல்லை. தப்பு செயலியுடையது என்று சொல்ல மாட்டேன், எங்கள் பழக்கத்துக்கு அது ஒத்துவரவில்லை.

ஜிம்ப்பில் முதல் பீரியட் தொடக்கத்திலேயே வகுப்பின் கோப்புறையில் ஒரு பெயர் வைத்து, ஜிம்ப்பின் சொந்த வடிவமான .xcf கோப்பாகச் சேமிக்கச் சொன்னேன். அதன் பிறகு ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை நான் கைதட்டுவேன், எல்லோரும் Ctrl+S. அதே இடம், அதே பெயர், ஒரே கோப்பு. அடுத்த வாரம் திறந்தால் மாஸ்க்கோடு அப்படியே இருக்கிறது. படமாக வெளியே எடுப்பதற்கு Export என்று தனிக் கட்டளை இருப்பது முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. இப்போது அதுவே காப்பு: சேமிப்பது வேறு, அச்சுக்கு எடுப்பது வேறு என்று செயலியே பிரித்துவைக்கிறது.

போட்டோபீக்கு நியாயமாகச் சேர வேண்டிய ஒன்று உண்டு. மஞ்சள் மூக்கு நாரை ஏறத்தாழ 95 செ.மீ. உயரம், சிறிய நீர்க்காகம் ஏறத்தாழ 50 செ.மீ. நீளம். ஒரு சென்டிமீட்டருக்கு நான்கு பிக்சல் என்று கணக்கு வைத்தால் 380, 200. ஆனால் பிள்ளைகள் நீர்க்காகத்தைக் குட்டியாக்குவார்கள், பிறகு நாரையைவிடப் பெரிதாக்குவார்கள், மறுபடி சுருக்குவார்கள். ஜிம்ப்பில் இப்படி நாலு தடவை செய்தால் இறகெல்லாம் மங்கிவிடும். போட்டோபீயில் Open & Place வழியாகக் கொண்டுவந்தால் அது ஸ்மார்ட் ஆப்ஜெக்டாக வருகிறது, எத்தனை தடவை மாற்றினாலும் மூலப் படத்திலிருந்தே எடுத்துக்கொள்ளும். நான் ஜிம்ப் குழுவுக்கு அளவுக் கணக்கை முதலில் நோட்டில் போட்டுவிட்டு, ஒரே தடவை அளவு மாற்றச் சொல்லிச் சமாளித்தேன்.

நான் பார்த்தது ஒரு வகுப்பு, நான்கு பீரியட், ஜிம்ப் 2.10. 2025இல் வந்த 3.0 பதிப்பை வீட்டில்தான் திறந்து பார்த்தேன். ஒட்டும் படம் மிதக்கும் தேர்வாக நிற்காமல் நேரே புது லேயராக வருவது நிம்மதி, வகுப்பில் அது எப்படிப் போகும் என்பது அடுத்த வருஷம்தான். ஒரே பீரியடில் முடிக்கிற வேலை என்றால், அல்லது நிறுவ அனுமதியே இல்லை என்றால், யோசிக்காமல் போட்டோபீயை எடுங்கள். மாஸ்க்கை முதல் நாளே காட்டிவிடுங்கள், மணி அடிக்க ஐந்து நிமிஷம் முன்னால் பி.எஸ்.டி. கோப்பைப் பென் டிரைவுக்கு மாற்றவைத்துவிடுங்கள்.

எங்கள் படம் இப்போது அறிவியல் அறைச் சுவரில் இருக்கிறது. நீர்க்கடம்பு மரங்கள் தண்ணீருக்குள் நிற்கின்றன, கிளைமேல் நீர்க்காகம் இறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருக்கிறது, கூழைக்கடா ஆழத்தில் மிதக்கிறது. அந்த மாணவியின் நாரை கரையோரத்துத் தண்ணீரில். காலைச் சுற்றி அலை கொஞ்சம் வேறு நிறம், கிட்டப் போனால் தெரியும்.