பால் பாயசத்துக்கு உருளியா குக்கரா?

எங்க பாலக்காடு பக்கம் உருளிதான் முறை. முதல்ல கொஞ்சம் தண்ணி கொதிக்கவிட்டு அதுலயே 1 லிட்டர் பாலை ஊத்தினா சட்டுன்னு அடில ஒட்டாது, ஆனா பால் குறுகக் குறுக அரிசியும் பால்ல உள்ள புரதமும் கீழ போய் படியும், சட்டுவம் அடியை வழிச்சுக்கிட்டே இருக்கணும். கருகின வாசம் வந்தா சுரண்டாதீங்க, மேலாப்புல வேற பாத்திரத்துக்கு மாத்திடுங்க.

குக்கர்ல 1 லிட்டர் பால், கால் கப் அரிசி, முக்கா கப் சீனி, எல்லாம் ஒண்ணா போட்டு (பாதிக்கு மேல நிரப்பாம) கொதி வந்ததும் மூடி வெயிட் போட்டு சிம்ல அரைமணி, பிரஷர் தானா அடங்கட்டும். இளஞ்சிவப்பு தானா வரும், ஆள் நிக்க வேண்டாம். அடி மெல்லிசான குக்கர்னா பிடிக்கும்.

பால் திரியுறதுக்கு பெரும்பாலும் பாத்திரம் காரணமில்ல, பழைய பால்தான், ஒரு கரண்டி தனியா கொதிக்க வச்சு பாருங்க. வீட்டுக்கு நான் குக்கர்தான், விசேஷத்துக்கு மட்டும் உருளி.